பச்சை எல்இடி போட்டோமீட்டர் தப்பாகக் காட்டுகிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

கெமிக்கல் இன்ஜினியரிங் ஆய்வகங்களில் மாணவர்களே கட்டிக்கொள்ளும் மலிவு ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் பெரும்பாலும் ஒரே அமைப்பில்தான் இருக்கும். ஒரு பக்கம் 5 மில்லிமீட்டர் எல்இடி, நடுவில் 1 செ.மீ. கியூவெட், மறுபக்கம் ஒரு போட்டோடயோடு. டயோடு தரும் மிகச் சிறிய மின்னோட்டத்தை ஒரு ஆப்-ஆம்ப் வோல்டேஜாக மாற்றும். அதை ஆர்டுயினோ 0 முதல் 1023 வரையிலான எண்ணாகப் படிக்கும். ஒரே நிறத்தில் அளப்பதால் இதை போட்டோமீட்டர் என்று சொல்வதுதான் சரி. ஆனால் தெரிந்த ஒரு சாயத்தின் செறிவை அளக்க இது போதும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் கருவி இதுதான்: 525 நானோமீட்டர் பச்சை எல்இடி, BPW34 போட்டோடயோடு, LM358 ஆப்-ஆம்ப், 1 மெகா ஓம் ஃபீட்பேக் ரெசிஸ்டர், ஆர்டுயினோ ஊனோ. எல்இடியின் தலையை உப்புத்தாளில் தேய்த்து மங்கலாக்கி, கியூவெட்டுக்கு முன்னும் பின்னும் 2 மில்லிமீட்டர் துளை வைத்திருக்கிறோம். அளப்பது பொட்டாசியம் பெர்மாங்கனேட். அதன் உட்கவர்தல் 525-ஐ ஒட்டி உச்சத்தில் இருப்பதால் பச்சை எல்இடி பொருத்தம். வேலை, கலக்கித் தொட்டியில் சாயத்தை ஒரே வீச்சில் ஊற்றி, வெளியேறும் நீரில் செறிவு எப்படிக் குறைகிறது என்று பார்த்து, தங்கும் நேரப் பரவலைக் கண்டுபிடிப்பது.

ஒரே ஒரு விதியை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். அப்சார்பன்ஸை வைத்துப் பிழை தேடாதீர்கள். அது ஒரு லாகரிதம், நான்கு விதமான கோளாறுகளை ஒரே எண்ணுக்குள் ஒளித்து வைத்துக்கொள்ளும். எந்தக் கணக்கும் போடாமல் சீரியல் மானிட்டரில் வரும் எண்ணை அப்படியே பாருங்கள். ஒவ்வொரு அளவீட்டுக்கும் மூன்று எண்கள் நோட்டில் இருக்க வேண்டும்: எல்இடி அணைந்திருக்கும்போது வருவது, தண்ணீர் நிரப்பிய கியூவெட்டுக்கு வருவது, மாதிரிக்கு வருவது. நாம் சொல்லும் கருவியில் தண்ணீருக்கு 620 வருகிறது. கீழே உள்ள கணக்குகள் எல்லாம் அந்த 620-ஐ வைத்துத்தான்.

## அறிகுறி: கோடு நேராக இருக்கிறது, ஆனால் பூஜ்ஜியத்துக்குக் கீழே வெட்டுகிறது

ஸ்டாண்டர்டு கரைசல்களை அளந்து கோடு போட்டால் அழகான நேர்கோடு வருகிறது. சரிவும் எதிர்பார்த்தபடிதான். ஆனால் கோடு மூலப்புள்ளி வழியாகப் போகாமல் −0.13 என்ற இடத்தில் அச்சை வெட்டுகிறது. இதைப் பார்த்ததும் எக்செலில் கோட்டைப் பூஜ்ஜியம் வழியாக வளைத்துப் போடுவதுதான் வழக்கம். அதைச் செய்யாதீர்கள். கருவி உங்களிடம் ஏதோ சொல்கிறது.

தண்ணீருக்கான எண்ணைப் பாருங்கள். அது 716-க்கும் 778-க்கும் நடுவில் எங்காவது அசையாமல் நிற்கிறதா? கியூவெட்டையே எடுத்துவிட்டாலும் அதே எண்தானா? அப்படியானால் ஆப்-ஆம்ப் தன் உச்சவரம்பில் முட்டி நிற்கிறது. வரம்பு என்றால் 1023-ஐத் தேடுவது எல்லோருக்கும் பழக்கம். ஆனால் LM358-இன் வெளியீடு சப்ளை வோல்டேஜ் வரை ஏறாது. 5 வோல்ட் கொடுத்தால் 3.5 முதல் 3.8 வோல்ட் வரைதான் போகும். அதனால்தான் முட்டி நிற்கும் எண் 700-களில் வருகிறது. அதைப் பார்ப்பவர்கள் ‘இன்னும் இடம் இருக்கிறதே’ என்று நினைத்து ஏமாந்துபோகிறார்கள்.

கோடு ஏன் நேராகவே இருக்கிறது என்பதும் இதிலேயே விளங்கிவிடும். உண்மையில் தண்ணீருக்கு 1000 வந்திருக்க வேண்டும், 740-இல் நின்றுவிட்டது என்று வையுங்கள். மாதிரிகள் எல்லாம் அதைவிட மங்கல் என்பதால் அவற்றின் எண்கள் சரி. தவறு பிளாங்கில் மட்டும்தான். ஆகவே ஒவ்வொரு புள்ளியும் log10(1000/740), அதாவது 0.13 அளவுக்கு ஒரே சீராகக் கீழே இறங்கிவிடுகிறது.

தீர்வு எளிது. எல்இடிக்குப் போகும் மின்னோட்டத்தைக் குறையுங்கள், அல்லது துளையைச் சிறிதாக்குங்கள். தண்ணீருக்கு 600-ஐ ஒட்டி வந்தால் போதும். ஃபீட்பேக் ரெசிஸ்டரைக் குறைத்தாலும் சரிதான், ஆனால் எல்இடியை ஏற்கெனவே மங்கலாக்கியிருந்தால் துளையிலிருந்து தொடங்குவது மேல். எண் எப்போதும் 0 என்றால் அது வேறு கதை. எல்இடி எரிகிறதா என்று பார்த்துவிட்டு, போட்டோடயோடின் கால்களை மாற்றிப் பொருத்துங்கள். பத்தில் ஒன்பது முறை அது தலைகீழாகத்தான் இருக்கும்.

## அறிகுறி: எண் நிலையாக நிற்காமல் ஆடுகிறது

எல்இடியை அணைத்து, மூடியைப் போட்டு எண்ணைப் பாருங்கள். 0 அல்லது 1 என்று கிடந்தால் ஆட்டம் மின்சுற்றில் இருக்கிறது. பிரெட்போர்டில் நீளமாகத் தொங்கும் வயர்களைச் சுருக்குங்கள், ஃபீட்பேக் ரெசிஸ்டருக்கு இணையாக 1 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போடுங்கள். 5, 12, 3, 14 என்று குதித்தால் வெளி வெளிச்சம் உள்ளே வருகிறது. மூடியின் மேல் கருப்புத் துணியைப் போர்த்தினால் அடங்கிவிடும்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஒற்றை `analogRead` அந்த மினுக்கலின் எந்த இடத்தில் மாட்டும் என்று சொல்ல முடியாது. அதனால் முழு மினுக்கல்களாகப் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். 200 மில்லி நொடி என்றால் சரியாக 20 மினுக்கல்:

```cpp
float readAvg() {
  unsigned long t0 = millis();
  long sum = 0;
  int n = 0;
  while (millis() - t0 < 200) {
    sum += analogRead(A0);
    n++;
  }
  return (float)sum / n;
}
```

சராசரி ஆட்டத்தைத்தான் போக்கும், கசிந்து வரும் வெளிச்சத்தைப் போக்காது. ஜன்னல் பக்கத்தில் யாராவது நடந்துபோனால் எண் மாறுகிறது என்றால் மூடியைத்தான் சரிசெய்ய வேண்டும்.

## அறிகுறி: தண்ணீரே மெதுவாக நிறம் ஏறுவதுபோல் காட்டுகிறது

காலையில் பிளாங்க் எடுத்தபோது 620. அரை மணி கழித்து அதே தண்ணீருக்கு 598. அப்சார்பன்ஸாக மாற்றினால் 0.016. இவ்வளவுதானே என்று விட்டுவிடத் தோன்றும். ஸ்டாண்டர்டு கோடு போடும் வேலைக்கு இது பரவாயில்லை. தங்கும் நேரப் பரவலுக்கு இது கேடு.

ஏன் என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். தொட்டியின் சராசரித் தங்கும் நேரம் 10 நிமிடம், சாயம் ஊற்றியதும் அப்சார்பன்ஸ் 0.8, அதற்குப் பிறகு அது அடுக்குக்குறிப்படி குறைந்துகொண்டே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 நிமிடம் வரை மாதிரி எடுக்கிறோம். சராசரி நேரம் காண, நேரத்தைச் செறிவால் பெருக்கிக் கூட்டி, செறிவுகளின் கூட்டுத்தொகையால் வகுக்கிறோம். பிழை இல்லாவிட்டால் மேலே 78.6, கீழே 7.98 வரும். விடை பத்துக்குச் சற்றுக் குறைவு. இப்போது ஒவ்வொரு அளவீட்டிலும் 0.016 கூடுதலாக ஏறிக்கொள்ளட்டும். கீழே 0.96 சேரும், அது பெரிய விஷயமில்லை. மேலே 28.8 சேரும். ஏனென்றால் கடைசி நிமிடங்களில் அந்தச் சிறு பிழை 50, 60 என்ற எண்களால் பெருக்கப்படுகிறது. விடை 12 நிமிடமாகிவிடும். மாணவர் தொட்டியில் தேக்கப் பகுதி இருக்கிறது என்று எழுதி, அதற்கு ஒரு மாதிரியும் பொருத்திவிடுவார். தொட்டியில் ஒன்றுமில்லை. வால் பகுதியில் பிளாங்க் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

காரணங்கள் இரண்டு. முதலாவது, எல்இடி சூடாகச் சூடாக மங்கும். போட்டவுடன் அளக்காமல் கால் மணி நேரம் எரியவிட்டுப் பிறகு பிளாங்க் எடுத்தால் இதில் பெரும்பகுதி போய்விடும். இரண்டாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. எல்இடியை ஆர்டுயினோவின் 5 வோல்ட்டிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக எரிக்கிறோம். அந்த 5 வோல்ட் லேப்டாப்பின் யுஎஸ்பியிலிருந்து வருகிறது. பச்சை எல்இடியே 3.2 வோல்ட்டை எடுத்துக்கொள்வதால் ரெசிஸ்டரில் மிஞ்சுவது 1.8 வோல்ட். யுஎஸ்பி 0.1 வோல்ட் சரிந்தால் அந்த 1.8-லிருந்துதான் குறையும், அதாவது மின்னோட்டத்தில் 5.6 சதவீதம் போய்விடும். ஆர்டுயினோ ஒப்பிடும் வோல்டேஜும் அதே 5 வோல்ட் என்பதால் அது 2 சதவீதத்தை ஈடுகட்டும். மீதி 3.6 சதவீதம் எண்ணில் தெரியும். அதுதான் மேலே பார்த்த 620-லிருந்து 598.

எதனால் என்று பிரித்தறிய, மல்டிமீட்டரை 5 வோல்ட் பின்னில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் எண்ணையும் வோல்டேஜையும் சேர்த்துக் குறியுங்கள். வோல்டேஜ் நிலையாக இருந்து எண் மட்டும் சரிந்து, பிறகு தானாக நின்றுவிட்டால் அது சூடு. வோல்டேஜ் குதிக்கும்போதெல்லாம் எண்ணும் குதித்தால் அது சப்ளை.

சப்ளை கோளாறுக்கு நல்ல மருந்து, எல்இடியைத் தனி 9 வோல்ட் அடாப்டரில் LM317 வைத்து எரிப்பது. அதன் வெளியீட்டுக் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவில் 120 ஓம் போட்டு, அட்ஜஸ்ட் காலிலிருந்து எல்இடிக்கு எடுத்தால் சுமார் 10 மில்லி ஆம்பியர் மாறாமல் ஓடும். இதை 5 வோல்ட்டில் முயலாதீர்கள். LM317-க்கும் எல்இடிக்கும் சேர்த்து அங்கே வோல்டேஜ் போதாது. இதெல்லாம் முடியாத நிலையில், தண்ணீர் நிரப்பிய கியூவெட் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு 10 நிமிடத்துக்கு ஒரு முறை பிளாங்கைத் திரும்ப எடுங்கள். அந்தந்த நேரத்து மாதிரிக்கு அந்தந்த நேரத்து பிளாங்க். சலிப்பான வேலைதான், ஆனால் வால் பகுதி உருப்படியாக வரும்.

## அறிகுறி: செறிவு கூடக் கூடக் கோடு கீழே சாய்கிறது

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். பெரும்பாலும் கிடைக்கும் பதிலோ, ‘பீர்-லாம்பெர்ட் விதி அதிகச் செறிவில் பொருந்தாது’ என்பது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் பெர்மாங்கனேட் எல்லாம் அந்த அளவுக்குச் செறிவே கிடையாது. விதியைக் குறை சொல்வதற்கு முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

நம் கருவியில் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு அப்சார்பன்ஸ் 0.28 வர வேண்டும். அப்படியானால் 40-க்கு 0.56, 60-க்கு 0.84, 80-க்கு 1.12, 100-க்கு 1.40. ஆனால் கிடைத்த எண்கள் வரிசையாக 340, 192, 115, 75, 53. பிளாங்க் 620 என்பதால் அப்சார்பன்ஸ் 0.26, 0.51, 0.73, 0.92, 1.07. முதல் புள்ளி ஏறக்குறைய சரி, கடைசிப் புள்ளி கால் பங்கு குறைவு.

இது எதன் அடையாளம் என்றால், கரைசலுக்குள் போகாமலேயே டயோடை அடையும் வெளிச்சத்தின் அடையாளம். அந்த வெளிச்சம் எல்லா அளவீட்டிலும் ஒரே அளவில் கூடிக்கொண்டு இருக்கிறது. தண்ணீருக்கு 620 வரும்போது அதில் 30 ஒளிந்திருந்தால் யாருக்கும் தெரியாது. மாதிரிக்கு 53 வரும்போது அதில் 30 கள்ளவெளிச்சம் என்றால் பாதிக்கும் மேல் பொய்.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. பலர் எல்இடியை அணைத்து ‘டார்க்’ எடுத்து, அது 0 என்று பார்த்து, கசிவு இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எல்இடியை அணைத்தால் வெளியிலிருந்து வரும் வெளிச்சம்தான் தெரியும். எல்இடியின் வெளிச்சமே கியூவெட்டைச் சுற்றிக்கொண்டு வருவது, எல்இடி எரிந்தால்தானே தெரியும்? ஆகவே இரண்டு இருட்டு எடுக்க வேண்டும். முதலாவது எல்இடி அணைந்த நிலையில். இரண்டாவது எல்இடி எரியும் நிலையில், ஒளி புகாத கியூவெட்டை வைத்து. பழைய பிளாஸ்டிக் கியூவெட் ஒன்றின் உள்ளே கருப்புச் சார்ட் அட்டையை மடித்துச் செருகினால் அது தயார். நம் கருவியில் முதல் இருட்டு 0, இரண்டாவது 30.

அந்த 30-ஐ இரண்டு பக்கமும் கழித்தால் போதும்:

`A = log10((I0 - Is) / (I - Is))`

`Is` என்பது இரண்டாவது இருட்டு. 340-க்கு log10(590/310) = 0.28. 75-க்கு log10(590/45) = 1.12. கோடு நேராகிவிட்டது. திருத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். தெரியாத மாதிரி ஒன்றுக்கு எண் 90 வருகிறது. திருத்தாத கணக்கில் அப்சார்பன்ஸ் 0.84, அதாவது லிட்டருக்கு 60 மில்லிகிராம். திருத்திய கணக்கில் 0.99, அதாவது 71.

கழிப்பது அவசரத்துக்குத்தான். ஓட்டையை அடைப்பதே சரியான வேலை. 3டி பிரிண்டரில் வெள்ளை பிஎல்ஏ-வில் செய்த பெட்டி என்றால் அறையை இருட்டாக்கி எல்இடியை எரியவிட்டுப் பாருங்கள், பெட்டியின் சுவரே பச்சையாக ஒளிரும். அந்தச் சுவர் வழியாகத்தான் வெளிச்சம் மறுபக்கம் போகிறது. உள்ளே மேட் கருப்பு பெயின்ட் அடியுங்கள். கருப்பு இன்சுலேஷன் டேப் வேண்டாம், அது வழுவழுப்பாக இருப்பதால் சாய்வான கோணத்தில் வெளிச்சத்தை நன்றாகவே திருப்பிவிடும். அடுத்ததாக, துளை கியூவெட்டின் உள் அகலத்தைவிடப் பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரிதாக இருந்தால் கியூவெட்டின் பக்கச் சுவர் வழியாகவே வெளிச்சம் போய்விடும்.

பெயின்ட் அடித்து, கருப்பு அட்டை வைத்தால் 2 வருகிறது, ஆனாலும் கோடு சாய்கிறது என்றால் அடுத்த சோதனை. லிட்டருக்கு 1 கிராம் பெர்மாங்கனேட் கரைசலைக் கியூவெட்டில் நிரப்பி வையுங்கள். 525-இல் அதற்கு அப்சார்பன்ஸ் பத்துக்கு மேல், அதாவது பச்சை ஒளி துளியும் கடக்கக் கூடாது. கருப்பு அட்டைக்கு வந்ததைவிடக் கூடுதலாக எண் வந்தால், பெர்மாங்கனேட் பிடிக்காத நிற ஒளி எல்இடியிலிருந்து வருகிறது என்று பொருள். கரைசல் ஊதாவாகத் தெரிவதே அது நீலத்தையும் சிவப்பையும் கடத்திவிடுவதால்தானே? வெள்ளை எல்இடி வைத்துக் கட்டியவர்களுக்கு இந்தச் சோதனையில் பெரிய எண் வரும். எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் அது போகாது, எல்இடியை மாற்றத்தான் வேண்டும்.

## அறிகுறி: கோடு மேலே வளைகிறது

சாயம் அளப்பதில் கோடு மேல்நோக்கி வளைவது அபூர்வம் என்பதால் இதைப் பார்த்ததும் ஸ்டாண்டர்டு கரைசல் தயாரித்தவர்மேல் பழி போகும். அவரைத் திட்டுவதற்கு முன் ஆப்-ஆம்பைப் பாருங்கள்.

LM358-இன் உள்ளீட்டுக் கால்களிலிருந்து ஒரு சிறு மின்னோட்டம் எப்போதும் வெளியே கசியும், வழக்கமாக 20 முதல் 45 நானோ ஆம்பியர். சில துண்டுகளில் இதைவிட அதிகம். அது போட்டோடயோடின் மின்னோட்டத்துக்கு எதிர்த் திசையில் கழிந்துவிடும். 1 மெகா ஓம் ரெசிஸ்டரில் 45 நானோ ஆம்பியர் என்றால் 45 மில்லி வோல்ட், ஆர்டுயினோவில் ஏறக்குறைய 9 எண்கள். ஆக, வெளிச்சம் 9 எண் அளவுக்கு வரும்வரை கருவி 0 என்றே காட்டும். அதற்குப் பிறகும் எல்லா எண்ணிலும் 9 குறைந்தே வரும்.

பிளாங்க் 620 வர வேண்டிய இடத்தில் 611. யாரும் கவனிக்கப் போவதில்லை. லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு 25 வர வேண்டிய இடத்தில் 16. அப்சார்பன்ஸ் 1.40 என்பது 1.58 ஆகிவிடும்.

கண்டுபிடிக்க ஒரு நல்ல சோதனை உண்டு. இரண்டு எல்இடிகளை மிக மங்கலாக, டயோடு இரண்டையும் பார்க்கும்படி வையுங்கள். முதலாவதை மட்டும் எரித்தால் 40, இரண்டாவதை மட்டும் எரித்தால் 40, இரண்டையும் எரித்தால் 80 வர வேண்டும். 89 வந்தால் கருவி ஒவ்வொரு தடவையும் 9-ஐ விழுங்குகிறது. தனித்தனியாக எரித்தபோது இரண்டு முறை விழுங்கியது, சேர்த்து எரித்தபோது ஒரு முறைதான் விழுங்கியது. கரைசலே இல்லாமல் மின்சுற்றை மட்டும் சோதிக்கும் வழி என்பதால் எந்த மாதிரிக் கருவியிலும் இதை ஒரு தடவை செய்துவிடுவது நல்லது.

தீர்வுக்கு MCP6002 வாங்குங்கள். எட்டுக் கால், கால்களின் வரிசை LM358-ஐப் போலவே. பழையதைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் செருகலாம். அதன் கசிவு நானோவில் கூட இல்லை, பிக்கோ ஆம்பியரில்தான். வெளியீடும் ஏறக்குறைய 5 வோல்ட் வரை ஏறும், எனவே முதல் அறிகுறியில் சொன்ன 700-களின் வரம்பும் போய்விடும். 6 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் மட்டும் செத்துவிடும். 9 வோல்ட் அடாப்டர் எல்இடிக்கு மட்டும்தான், இதற்கு அல்ல.

இதில் ஒரு வேடிக்கை. கள்ளவெளிச்சம் எண்ணைக் கூட்டும், ஆப்-ஆம்ப் எண்ணைக் குறைக்கும். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு கோடு நேராகவே வரும். பிறகு நீங்கள் அக்கறையாகப் பெட்டிக்குக் கருப்பு அடித்ததும் கோடு மேலே வளையத் தொடங்கும். பெயின்ட் கருவியைக் கெடுத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மறைந்திருந்த இரண்டாவது கோளாறு வெளியே வந்திருக்கிறது.

## அறிகுறி: கோடு நேர், ஆனால் சரிவு மிகக் குறைவு

கடையில் ‘பச்சை எல்இடி’ என்று கேட்டால் இரண்டு வகை கிடைக்கும். பழைய வகை 565–570 நானோமீட்டரில் மஞ்சள் கலந்த பச்சையாக எரியும். புதிய வகை 525-இல் நல்ல மரகதப் பச்சை. பழைய வகையின் ஒளி பெர்மாங்கனேட் வளைவின் உச்சியில் விழாமல் சரியும் பக்கத்தில் விழும். உட்கவர்தல் குறைவது மட்டுமல்ல, எல்இடி சூடாகி நிறம் சிறிது நகர்ந்தாலும் அளவு மாறும்.

கண்ணால் பார்த்துச் சந்தேகமாக இருந்தால், எரிந்துகொண்டிருக்கும் எல்இடியின் இரண்டு கால்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 2 வோல்ட்டை ஒட்டி வந்தால் பழைய வகை, 3 வோல்ட்டுக்கு மேல் வந்தால் புதிய வகை.

## அறிகுறி: அதே மாதிரி, ஒவ்வொரு தடவையும் வேறு எண்

கியூவெட்டை எடுத்துத் திரும்ப வைத்தால் எண் மாறுகிறதா? டிஸ்போசபிள் கியூவெட்டுக்கு இரண்டு பக்கம்தான் தெளிவு, மற்ற இரண்டு பக்கம் சொரசொரப்பாக இருக்கும். தெளிவான பக்கம் ஒளிப்பாதையில் நிற்க வேண்டும். அப்புறம், தெளிவான பக்கங்களிலும் எது முன், எது பின் என்று பெர்மனன்ட் மார்க்கரில் மேல் விளிம்பில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள், எப்போதும் அதே பக்கம் எல்இடியைப் பார்க்கட்டும். குழியில் கியூவெட் ஆடினால் ஒரு மூலையில் சிறு ஸ்பாஞ்சு துண்டைச் செருகி எப்போதும் ஒரே சுவரில் ஒட்டி நிற்கும்படி செய்யுங்கள். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றினால் சுவரில் குமிழி ஒட்டும், ஒரு தட்டுத் தட்டிவிட்டு வையுங்கள்.

நீர்த்த மாதிரிகளுக்கு அப்சார்பன்ஸ் மைனஸில் வந்தால், பிளாங்க் எடுத்தவர் காலி கியூவெட்டை வைத்திருக்கிறார் என்று அர்த்தம். காலி கியூவெட்டின் உள்சுவரில் பிளாஸ்டிக்குக்கும் காற்றுக்கும் நடுவே ஒளி பிரதிபலித்துச் சிறிது வீணாகும். தண்ணீர் நிரப்பினால் அந்தப் பிரதிபலிப்பு குறைந்துவிடுவதால், காலிக்கு வருவதைவிடத் தண்ணீருக்கு எண் கூடுதலாகத்தான் வரும்.

காலையில் சரியாக இருந்து, மதியத்துக்குமேல் தண்ணீருக்கே அப்சார்பன்ஸ் 0.03, 0.05 என்று ஏறிக்கொண்டே போனால், கியூவெட்டை வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். உள்சுவரில் இளம் பழுப்புப் படலம் தெரியும். பெர்மாங்கனேட் மெல்லச் சிதைந்து படியும் மாங்கனீஸ் டைஆக்சைடு அது. தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் போகாது. நீர்த்த ஆக்சாலிக் அமிலத்தில் சில சொட்டு நீர்த்த சல்பியூரிக் அமிலம் சேர்த்து நிரப்பி வைத்தால் கண் முன்னாலேயே கரைந்துவிடும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். அசிட்டோனை மட்டும் தொடாதீர்கள், பாலிஸ்டைரீன் கியூவெட் அதில் உருகி மங்கிவிடும். படலம் கழன்ற பிறகு தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். மிச்சமிருக்கும் ஆக்சாலிக் அமிலம் அடுத்த மாதிரியின் நிறத்தைத் தின்றுவிடும்.

இதே காரணத்துக்காக ஸ்டாண்டர்டு கரைசலையும் அன்றன்றே காய்ச்சி வடித்த நீரில் தயாரியுங்கள். போன வாரத்து பாட்டிலின் அடியில் பழுப்பு வண்டல் இருந்தால், லேபிளில் எழுதிய செறிவு இப்போது அதில் இல்லை.

எல்லாம் சரியாக இருந்தும் அப்சார்பன்ஸ் 1.5-ஐ ஒட்டி எண்கள் சிதறினால் அதைச் சரிசெய்ய முயலாதீர்கள். அங்கே மாதிரிக்கு வருவதே 20 எண்கள்தான். ஒரு எண் கூடினாலோ குறைந்தாலோ அப்சார்பன்ஸ் 0.02 மாறும். 1.2-க்கு மேல் போகும் மாதிரியைப் பாதியாக நீர்த்து மறுபடி அளந்து, விடையை இரண்டால் பெருக்குங்கள்.